ஒரே தொகையாக வந்த உதவித்தொகையும் பயணச் செலவும்

கேள்வி: சென்னையில் ஒரு சந்தை ஆய்வு நிறுவனத்தில் 2025 ஜூலை முதல் டிசம்பர் வரை பயிற்சியில் இருந்தேன். மாதம் 15,000 ரூபாய் உதவித்தொகை. வெளியூர்க் களப்பணிக்கான செலவைத் தனியாகத் தருவோம் என்றார்கள். மாதக் கடைசியில் உதவித்தொகையையும் செலவையும் ஒரே எக்செல் தாளில் எழுதி அனுப்புவேன். ஆகஸ்டில் மதுரைக்குக் கிளம்பும்போது 3,000 ரூபாய் ரொக்கமாகக் கொடுத்தார்கள். ஆகஸ்ட் செலவு 3,860 என்றும் செப்டம்பர் செலவு 5,900 என்றும் எழுதினேன். வங்கியில் ஜூலைக்கு 13,500, ஆகஸ்டுக்கு 14,274, செப்டம்பருக்கு 18,432, பிறகு மூன்று மாதமும் 13,500 வந்தது. இன்னும் 4,000 ரூபாய்க்கு மேல் வரவேண்டும் என்று நினைக்கிறேன். கேட்டால் "எல்லாம் கொடுத்தாகிவிட்டது" என்கிறார்கள். டிக்கெட்டுகளில் பாதி மங்கிவிட்டன. யாரிடம் எதைக் கேட்பது? ஏப்ரலில் வேறொரு பயிற்சி தொடங்குகிறது. அங்கே கணக்கை எப்படி வைத்துக்கொள்வது?
— வாசகி, சென்னை

பதில்: நீங்கள் தொகைகளை ரூபாய் பிசகாமல் எழுதி, நிறுவனத்துக்கு அனுப்பிய தாள்களையும் இணைத்திருந்தீர்கள். அதனால் என் வேலை பாதி முடிந்துவிட்டது. முதலில் அந்தத் தொகைகளையே கொஞ்சம் நோண்டிப் பார்ப்போம்.

ஜூலையில் உங்களுக்குப் பயணமே இல்லை. 15,000 ரூபாயில் 13,500 வந்திருக்கிறது. அதாவது பத்து சதவீதம் வரிப் பிடித்தம், டிடிஎஸ். உங்களைச் சம்பளக்காரர் பட்டியலில் சேர்க்காமல், தொழில்முறைக் கட்டணம் வாங்குபவராக வைத்து 194ஜே பிரிவில் பிடித்திருக்கிறார்கள் என்று தெரிகிறது. அந்தப் பிரிவில் ஓர் ஆண்டுக்கு 50,000 ரூபாயைத் தாண்டினால் பிடிக்க வேண்டும். உங்கள் ஆறு மாத உதவித்தொகையே 90,000 ஆகிறது. பயிற்சி மாணவிக்கு அந்தப் பிரிவு பொருந்துமா என்பது தனி வாதம். பெரும்பாலான நிறுவனங்கள் இப்படித்தான் செய்கின்றன. அதில் இப்போது நுழைய வேண்டாம்.

ஆகவே மாதத்துக்கு 13,500 என்பது அடித்தளம். அதற்கு மேல் வந்ததுதான் செலவுக்கானது. ஆகஸ்டுக்கு 774 கூடுதலாக வந்திருக்கிறது. நீங்கள் கேட்டது 3,860, எனவே குறைவது 3,086. செப்டம்பருக்கு 4,932 கூடுதல். கேட்டது 5,900, குறைவது 968. இரண்டையும் கூட்டினால் 4,054. உங்கள் மனதில் இருக்கும் "4,000 ரூபாய்க்கு மேல்" இதுதான்.

இனி செப்டம்பரை எடுத்துக்கொள்ளுங்கள். வந்த 18,432 என்பது பிடித்தம் போக மிஞ்சிய 90 சதவீதம் என்று வைத்து, அதை 0.9 ஆல் வகுத்துப் பாருங்கள். சில்லறை இல்லாமல் 20,480 வரும். அதில் 15,000 ரூபாயைக் கழித்தால் 5,480. இவ்வளவு சுத்தமாக வகுபடும்போது என்னைப் போன்றவர்களுக்கு மூக்கு வியர்க்கும். நிறுவனம் உங்கள் செலவில் 5,480 ரூபாயை ஏற்றுக்கொண்டு, உதவித்தொகையோடு சேர்த்து மொத்தத்திலும் பத்து சதவீதம் பிடித்துவிட்டது என்பதே என் ஊகம். அப்படியானால் செலவின் மேல் பிடித்த வரி 548 ரூபாய். கேட்ட 5,900க்கும் ஏற்ற 5,480க்கும் இடையே 420 ரூபாய் தள்ளுபடியாகியிருக்கிறது.

அந்த 420 எது? உங்கள் செப்டம்பர் தாளில் 18ஆம் தேதி திருப்பூரில் மூன்று ஆட்டோப் பயணம் இருக்கிறது: 150, 150, 120. மூன்றுக்கும் ரசீது நெடுவரிசையில் "இல்லை" என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். கூட்டிப் பாருங்கள்.

ஆகஸ்டிலும் இதே கதைதான். 14,274 ரூபாயை 0.9 ஆல் வகுத்தால் 15,860. உதவித்தொகை போக 860. நீங்கள் கேட்ட 3,860 ரூபாயில், முன்பே கையில் தந்த 3,000 ரூபாயைக் கழித்தால் மிஞ்சுவதும் அதே 860. அதன் மேலும் 86 ரூபாய் வரி பிடித்திருக்கிறார்கள். கிளம்பும்போது தந்த அந்த ரொக்கம் உங்களுக்கான பயணப்படி அல்ல, முன்பணம். கணக்குக் காட்டும் வரை அது நிறுவனத்துக்கு நீங்கள் தரவேண்டிய கடன் மாதிரி. வாங்கும்போது ஒரு வவுச்சரில் கையெழுத்துப் போட்டிருப்பீர்கள், நினைவுபடுத்திப் பாருங்கள். உங்கள் தாளில் அந்த 3,000 எங்குமே எழுதப்படவில்லை. அதனால்தான் அது வராத பணமாக உங்களுக்குத் தெரிகிறது.

ஆக 4,054 ரூபாய் மூன்றாகப் பிரிகிறது. 3,000 ரூபாய் ஏற்கனவே உங்கள் கைக்கு வந்துவிட்டது. 634 ரூபாய், அதாவது 548ம் 86ம், வரித்துறையிடம் உங்கள் பெயரில் இருக்க வேண்டும். மீதி 420 மட்டுமே நிறுவனத்திடம் பேச வேண்டியது. மொத்தத் தொகையைச் சொல்லி "தாருங்கள்" என்று கேட்டதால்தான் கணக்குப் பிரிவினர் ஒரே வரியில் முடித்துவிட்டார்கள். அவர்கள் பக்கத்தில் பார்த்தால், முன்பணத்தை நேர் செய்தாயிற்று, வரியைக் கட்டியாயிற்று.

ஆனால் இது வகுத்தலிலிருந்து வந்த ஊகம், அவ்வளவே. 18,432 ரூபாய்க்கு இன்னொரு விளக்கமும் பொருந்தும். உதவித்தொகையில் மட்டும் 1,500 பிடித்து, செலவில் 4,932 ரூபாயை மட்டும் ஏற்று, 968 ரூபாயைத் தள்ளியிருக்கலாம். வங்கிக் குறிப்பேட்டில் இரண்டும் ஒரே மாதிரிதான் தெரியும். எது உண்மை என்று சொல்லக்கூடிய தாள் ஒன்று இருக்கிறது. `incometax.gov.in` தளத்தில் உங்கள் பான் எண்ணைக் கொண்டு நுழைந்து, `e-File` → `Income Tax Returns` → `View Form 26AS` என்று போங்கள். நிறுவனத்தின் பெயருக்குக் கீழே விரித்தால் வரிவரியாகத் தேதி, `Amount Paid/Credited`, `Tax Deducted` என்ற பத்திகள் இருக்கும்.

ஆண்டு முழுவதற்குமான கூட்டுத்தொகையைப் பாருங்கள். தந்த தொகை 96,340, பிடித்த வரி 9,634 என்று இருந்தால் என் ஊகம் சரி. 90,000 என்றும் 9,000 என்றும் இருந்தால், அந்த 634 வரியாகப் போகவில்லை, செலவிலேயே வெட்டப்பட்டிருக்கிறது. அப்போது நிறுவனத்திடம் கேட்க வேண்டியது 420 அல்ல, 1,054. ஒன்றுமே தெரியவில்லை என்றால் அது வேறு பிரச்சினை: வரி பிடித்துவிட்டுக் கட்டவில்லை, அல்லது உங்கள் பான் எண்ணைத் தப்பாகப் பதிந்திருக்கிறார்கள். செப்டம்பர் தொகை செப்டம்பர் தேதியிலும் இருக்கலாம், அக்டோபர் தேதியிலும் இருக்கலாம். நிறுவனம் தன் புத்தகத்தில் என்று வரவு வைத்ததோ அந்தத் தேதிதான் வரும். அதைப் பார்த்துக் குழம்ப வேண்டாம். அக்டோபர் முதல் டிசம்பர் வரையிலான காலாண்டுக்கு `Form 16A` என்ற சான்றிதழைப் பிப்ரவரி 15க்குள் தந்திருக்க வேண்டும், அதற்கு முந்தைய காலாண்டுக்கு நவம்பர் 15க்குள். இரண்டும் வந்திருக்காவிட்டால் இப்போதே மின்னஞ்சலில் கேளுங்கள்.

இப்போது, செலவின் மேல் ஏன் வரி பிடித்தார்கள்? உங்கள் ஒரே தாள்தான் காரணம் என்று சொன்னால் கோபித்துக்கொள்ளாதீர்கள். 1995 ஆகஸ்டில் மத்திய நேரடி வரிகள் வாரியம் 715ஆம் எண் சுற்றறிக்கையை வெளியிட்டது. கேள்வி பதில் வடிவில் இருக்கும் அதன் முப்பதாவது கேள்வி, செலவு ஈட்டை, அதாவது செலவுக்காகத் திருப்பித் தரும் தொகையை, கழித்துவிட்டு மீதியில் வரி பிடித்தால் போதுமா என்பது. கூடாது, பில் தொகை முழுவதிலும் பிடி என்கிறது பதில். அதன்பின் வந்த தீர்ப்புகள் பலவும் இதைக் கொஞ்சம் தளர்த்தின. கையிலிருந்து போட்ட செலவை, லாபம் எதுவும் வைக்காமல், ரசீதுகளோடு தனி பில்லாகக் கேட்டால் அது வருமானமல்ல, அதில் வரி பிடிக்க வேண்டியதில்லை என்பதுதான் இன்று நடைமுறை. இதில் முக்கியமான சொல் "தனி பில்". உதவித்தொகை 15,000, பயணம் 5,900, மொத்தம் 20,900 என்று ஒரே தாளில் நீங்கள் அனுப்பினால், கணக்காளர் பாதுகாப்பாக மொத்தத்திலும் கைவைப்பார். குறைத்துப் பிடித்தால் நாளைக்கு அவர் நிறுவனத்துக்கு வட்டி விழும். அவரைக் குறை சொல்லி என்ன பயன்?

அந்த 634 ரூபாய்க்காக நிறுவனத்தோடு மல்லுக்கட்ட வேண்டாம் என்பதே என் ஆலோசனை. அவர்கள் திருத்த அறிக்கை தாக்கல் செய்யலாம். ஆனால் ஒரு முன்னாள் பயிற்சியாளருக்காக யாரும் அதைச் செய்து நான் பார்த்ததில்லை. 2025-26 நிதியாண்டில் புதிய வரி முறையில் 4 லட்சம் ரூபாய் வரை வரியே கிடையாது. உங்களுக்கு வேறு பெரிய வருமானம் இல்லையென்றால் பிடித்த 9,634 ரூபாயும் அப்படியே திரும்ப வரும். ஆனால் தானாக வராது, கணக்குத் தாக்கல் செய்தால்தான் வரும். பயிற்சிக்காகத் தந்த இந்தத் தொகையை இதர வருமானத் தலைப்பில் காட்டச் சொல்வது என் வழக்கம். 26ஏஎஸ்-இல் உள்ள முழுத் தொகையையும் காட்டுங்கள். செலவு ஈடு 6,340 வருமானமே அல்ல என்று நியாயம் பேசி 90,000 மட்டும் காட்டினால், காட்டாத வருமானத்துக்குப் பிடித்த வரியைக் கேட்கிறீர்கள் என்று கணினி மடக்கும். வரி எப்படியும் பூஜ்யம், 6,340 கூடக் காட்டுவதால் உங்களுக்குக் காசு நஷ்டமில்லை. உங்கள் வருமானம் வரி கட்டும் அளவுக்கு இருந்தால் நான் வேறு மாதிரி சொல்லியிருப்பேன். 2026 ஜூலை 31 கடைசி நாள். பணம் திரும்ப வரும் வங்கிக் கணக்கை அந்தத் தளத்திலேயே முன்கூட்டிச் சரிபார்த்து வையுங்கள். பானில் உள்ள பெயரும் வங்கியில் உள்ள பெயரும் முதலெழுத்தில் முரண்படுவது நம் ஊரில் சகஜம், பணம் அங்கேதான் தடங்கி நிற்கும்.

என் ஊகம் சரி என்று 26ஏஎஸ் காட்டினால் நிறுவனத்திடம் 420 ரூபாயை மட்டும் கேளுங்கள். அதுவும் மார்ச் 31க்குள். ஆண்டுக் கணக்கை மூடிவிட்டால் போன வருடத்துச் செலவை எந்தக் கணக்காளரும் தொட விரும்பமாட்டார். தேதி, எங்கிருந்து எங்கே, தொகை, ரசீது கிடைக்காத காரணம் ஆகியவற்றை எழுதி ஒரு வவுச்சர் போடுங்கள். ஆட்டோவுக்கு யுபிஐ மூலம் பணம் கொடுத்திருந்தால் அந்தப் பரிவர்த்தனையின் 12 இலக்க எண்ணையும் எழுதுங்கள். யுபிஐ பதிவு மட்டும் போதாது. அதில் ஓட்டுநரின் பெயர் இருக்கும், தொகை இருக்கும், நீங்கள் பழைய பேருந்து நிலையத்திலிருந்து மில்லுக்குப் போனீர்களா, தோழி வீட்டுக்குப் போனீர்களா என்பது இருக்காது. அதைச் சொல்வது வவுச்சர்தான். ரசீது இல்லாத உள்ளூர்ப் பயணத்துக்கு அந்த நிறுவனம் பணமே தராது என்று விதி இருந்தால் விட்டுவிடுங்கள். ஆட்டோவுக்குப் பில் வேண்டும் என்பதற்காக யாரிடமாவது வெற்றுப் பில்லை வாங்கி நிரப்பும் வழக்கம் இருக்கிறது. 420 ரூபாய்க்காக அந்தப் பக்கம் போகாதீர்கள்.

ஏப்ரலில் தொடங்கும் பயிற்சிக்கு வருவோம். ஏப்ரல் 1, 2026 முதல் புதிய வருமான வரிச் சட்டம் நடைமுறைக்கு வருகிறது. பிரிவு எண்கள் மாறும், 194ஜே என்ற பெயர் போய்விடும். கணக்கு வைக்கும் முறைக்கு அதனால் எந்த மாற்றமும் இல்லை. முதல் நாளே மூன்று கேள்விகளை மின்னஞ்சலில் கேட்டுப் பதில் வாங்குங்கள்: உதவித்தொகையில் வரி பிடிப்பீர்களா, செலவுக்குத் தனிப் படிவம் இருக்கிறதா, ரசீது இல்லாத செலவுக்கு எவ்வளவு வரை அனுமதி. வாய்ச்சொல் வேண்டாம். சொன்னவர் மூன்றாம் மாதம் வேலையை விட்டுப் போயிருப்பார்.

உதவித்தொகைக்கு ஒரு தாள், செலவுக்கு ஒரு தாள். ஒன்றில் இன்னொன்றை எழுதவே கூடாது. உதவித்தொகைத் தாளில் மாதத்துக்கு ஒரு வரி போதும்: எந்த மாதத்துக்கு, எவ்வளவு, பிடித்தம், வந்த தேதி. செலவுத் தாளில்தான் கவனம் தேவை. பலர் செலவான தேதியை மட்டும் எழுதுவார்கள். செலவான தேதி, நிறுவனத்துக்கு அனுப்பிய தேதி, பணம் வந்த தேதி என்று மூன்றும் வேண்டும். அதேபோல் கேட்ட தொகை ஒரு பத்தியிலும் ஏற்ற தொகை அடுத்த பத்தியிலும் இருக்க வேண்டும். உங்கள் பழைய தாளில் கேட்டது மட்டும் இருந்தது, கிடைத்ததை எழுத இடமே இல்லை. முன்பணம் வாங்கினால் அன்றே அதையும் ஒரு வரியாக, கழித்தல் குறியோடு, செலவுத் தாளில் எழுதிவிடுங்கள். உங்கள் ஆகஸ்ட் கணக்கை இப்படி எழுதியிருந்தால் முதல் வரி "முன்பணம் −3,000", கீழே மதுரைச் செலவுகள் 3,860, கடைசியில் வரவேண்டியது 860. இந்தக் கடிதத்துக்கே வேலை இருந்திருக்காது.

ஒவ்வொரு வரிக்கும் ஓர் எண் கொடுத்து, அதே எண்ணை ரசீதின் மூலையில் பேனாவால் எழுதுங்கள். பெட்டிக்கடைக்காரர் ரசீதுகளைக் கம்பியில் குத்தி வைப்பதைப் பார்த்திருப்பீர்கள். வரிசை மாறாது, ஒன்று காணாமல் போனால் தெரிந்துவிடும். எண்ணும் அதே வேலையைச் செய்கிறது. விடுதி பில்லை உங்கள் பெயரில் வாங்காமல் நிறுவனத்தின் பெயர், ஜிஎஸ்டி எண்ணோடு வாங்குங்கள். கவுண்டரில் நிற்கும்போது சொன்னால் போட்டுத் தருவார்கள், மறுநாள் தொலைபேசியில் கேட்டால் தரமாட்டார்கள்.

மங்கிய டிக்கெட்டுகளைப் பற்றி. நடத்துநர் கருவியிலிருந்து கிழித்துத் தரும் சீட்டும், ஓட்டல் பில்லும், பெட்ரோல் பங்க் சீட்டும் வெப்பத்தில் அச்சாகும் தாள். அதில் மை இல்லை. தாளின் மேல் பூசிய ரசாயனம் சூட்டில் கறுக்கிறது, அதுதான் எழுத்து. வெயிலும் வியர்வையும் பட்டால் எழுத்து போய்விடும். பிளாஸ்டிக் உறைக்குள் பத்திரமாக வைத்தால் இன்னும் சீக்கிரம் போகும், எழுத்தின் மேல் செல்லோடேப் ஒட்டினாலும் அப்படித்தான். பாதுகாக்கிறேன் என்று லேமினேட் செய்தால் சூட்டில் தாள் முழுவதும் கறுத்துவிடும். ஆகவே வாங்கிய அன்றே கைப்பேசியில் படம் எடுங்கள். அசலை ஓரத்தில் மட்டும் பசை தொட்டு வெள்ளைத்தாளில் ஒட்டுங்கள், ஒரு தாளில் ஐந்தாறுக்கு மேல் வேண்டாம்.

நான் ஆடிட்டர் பயிற்சியில் இருந்த காலத்தில் டிக்கெட் மெல்லிய வண்ணத்தாள், மை அச்சு. அது மங்காது, ஆனால் தண்ணீருக்குத் தாங்காது. தெற்கே ஒரு நூற்பாலையில் பத்து நாள் தணிக்கை முடித்து வந்தபோது எல்லா டிக்கெட்டும் சட்டைப் பையில் இருந்தன. அம்மா சட்டையை ஊறவைத்துவிட்டார். உருண்டைக் கூழாக இருந்ததை அலுவலகத்தில் காட்டினேன். மேலாளர் அதை விரலால் புரட்டிப் பார்த்து, "இதில் எந்த ஊர் தம்பி தெரிகிறது?" என்றார். அறுபத்தேழு ரூபாய் போயிற்று. அப்போது அது எனக்கு ஒரு வாரச் சாப்பாடு.

உங்களிடம் மங்கிப்போனவற்றில், சாய்த்துப் பிடித்து விளக்கு வெளிச்சத்தில் படிக்க முடிகிறவற்றை இன்றே படம் எடுத்துவிடுங்கள். முற்றிலும் போனவற்றைப் பற்றிக் கவலை வேண்டாம். என் ஊகம் சரியென்றால் அந்தச் செலவுகளை நிறுவனம் ஏற்கனவே ஏற்றுக்கொண்டுவிட்டது. ஆட்டோ வவுச்சரில் ஒன்றை மட்டும் கவனியுங்கள். பயணத் தேதி 18-09-2025 என்றே இருக்கட்டும், கையெழுத்துக்குக் கீழே மட்டும் நீங்கள் உண்மையில் கையெழுத்துப் போடும் தேதியை எழுதுங்கள். அதையும் செப்டம்பர் என்று போட்டு அனுப்பினால், அன்றைக்கே வவுச்சர் இருந்திருந்தால் தாளில் ஏன் "இல்லை" என்று எழுதினீர்கள் என்ற கேள்விதான் முதலில் வரும்.